நிலுவைத் தேதியா, கடைசித் தேதியா? ஒரு கரண்ட் பில்லைத் தமிழில் எழுதிப் பார்த்த கதை

சேலம் அஸ்தம்பட்டி பக்கம் பன்னிரண்டு வீடுகள் கொண்ட அடுக்ககம் எங்களுடையது. பில்லில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் என்ன பொருள் என்று யாரோ ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்த ஒரு பக்கத்தைச் சங்கச் செயலாளர் என்னிடம் கொடுத்தார். "தமிழ்ல போட்டுக் கொடுங்க சார், கீழே போர்டுல ஒட்டிடலாம்" என்றார். மொழிபெயர்ப்பு எனக்குத் தொழில். ஒரு மணி நேர வேலைதானே என்று உட்கார்ந்து, முடித்து, அச்செடுத்து ஒட்டியும் விட்டேன். 2025 ஏப்ரலில் நடந்தது இது.

ஜூன் 27 காலையில் மூன்றாம் எண் வீட்டு அக்காவின் பியூஸைப் பிடுங்கிவிட்டுப் போய்விட்டார்கள். வழக்கமாக மகன்தான் போனில் பணம் கட்டுவான். அவன் வெளிநாடு போய்விட்டதால் அந்த முறை அக்காவே கட்ட வேண்டியிருந்தது. பணம் இல்லாமல் இல்லை. கடைசித் தேதி 25 என்பது தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான். தெரியாமல் போனதற்கு நான்தான் காரணம். போர்டில் நான் எழுதியிருந்தது: "நிலுவைத் தேதி: கணக்கீட்டு நாளிலிருந்து 20 நாட்கள்."

"நமக்குத்தான் பாக்கி ஒன்னும் இல்லையே தம்பி, பாக்கி வச்சவங்களுக்கு ஏதோ கெடு சொல்லியிருக்காங்கன்னு நெனச்சுட்டேன். மாசக் கடைசிக்குள்ள கட்டிடலாம்னு இருந்தேன்" என்றார் அக்கா. அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. தமிழில் நிலுவை என்றால் கட்டாமல் நின்றுபோன பழைய பாக்கி. ஆங்கிலத்தில் 'டியூ' என்ற ஒரே சொல் கட்ட வேண்டியதையும் குறிக்கும், கட்டாமல் விட்டதையும் குறிக்கும். தமிழில் இந்த இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கிறது. 'டியூ டேட்' என்பதைக் 'கடைசித் தேதி' என்று எழுதியிருந்தால் அக்கா வீட்டு விளக்கு அணைந்திருக்காது. 'கெடு தேதி' என்றாலும் புரிந்திருக்கும். ஆனால் அதில் ஒரு மிரட்டல் தொனி உண்டு. 'செலுத்த வேண்டிய நாள்' என்பது சரிதான் என்றாலும், அந்த ஒரு நாளில்தான் கட்ட வேண்டும் போல என்று சிலருக்குத் தோன்றும். கடைசித் தேதி என்றால் யாருக்கும் குழப்பமில்லை.

அன்று மாலை தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தேன். இந்த முறை ஆங்கிலப் பக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, அக்காவின் பில்லையும் வெள்ளை அட்டையையும் எடுத்து முன்னால் வைத்துக்கொண்டேன்.

முதலில் அந்த 20 நாள் கணக்கு. ரீடிங் எடுத்த நாள் ஜூன் 5, கடைசித் தேதி ஜூன் 25. ஆங்கிலப் பக்கத்தில் இதற்கு அடுத்தபடியாக, கடைசித் தேதிக்குப் பிறகு வேறு அறிவிப்பு ஏதுமின்றி இணைப்பு துண்டிக்கப்படும் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. இதைப் படித்துவிட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56-ன்படி எழுத்து மூலம் முழுதாக 15 நாள் முன்னறிவிப்பு கொடுக்காமல் துண்டிக்கவே கூடாதே, இது எப்படி என்றார். சட்டத்தைப் பற்றி அவர் சொன்னது சரி. விடை தமிழ்நாடு மின் வழங்கல் விதித்தொகுப்பில் இருக்கிறது. அட்டையில் கணக்கீட்டைப் பதிந்த நாளிலிருந்து பணம் கட்டுவதற்குக் குறைந்தது 5 நாள், அது முடிந்த மறுநாளிலிருந்து துண்டிப்புக்கான முன்னறிவிப்புக் காலமாகக் குறைந்தது 15 நாள் என்று அது பிரிக்கிறது. ஐந்தும் பதினைந்தும் சேர்ந்துதான் நம் பில்லில் காணும் இருபது. அதாவது, தனியாக ஒரு நோட்டீஸ் வரும் என்று நாம் காத்திருக்கிறோமே, அந்த நோட்டீஸ் காலம் அந்த இருபது நாளுக்குள்ளேயே ஓடி முடிந்துவிடுகிறது. கடைசித் தேதிக்கு மறுநாள் லைன்மேன் வந்து நின்றால், "நோட்டீஸ் எங்கே?" என்று கேட்பதில் பயன் இல்லை.

புதிய தாளில் இதை இப்படி எழுதினேன்: "ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாட்களுக்குள் கட்ட வேண்டும். துண்டிப்புக்கான 15 நாள் அறிவிப்பும் இதற்குள் அடக்கம். கடைசித் தேதி தாண்டினால் எந்த நாளும் இணைப்பைத் துண்டிக்கலாம்." கடைசிச் சொல்லைக் கவனித்துத்தான் போட்டேன். முதல் தாளில் 'துண்டிக்கப்படும்' என்று இருந்தது. அப்படி எழுதினால் 26-ம் தேதி காலையில் ஆள் வந்துவிடுவார் என்று ஆகிவிடுகிறது. உண்மையில் ஆள் மறுநாளும் வரலாம், ஒரு வாரம் கழித்தும் வரலாம். இரண்டு மூன்று முறை யாரும் வராமல் போனவர்கள், அந்த வரி சும்மா மிரட்டல் என்று முடிவுகட்டிவிடுவார்கள். 'துண்டிக்கலாம்' என்பதுதான் நடப்பு.

அடுத்தது தாமதக் கட்டணம். ஆங்கிலத்தில் நான்கு எழுத்துச் சுருக்கமாக BPSC என்று இருக்கும். நான் முதலில் 'அபராதம்' என்று போட்டிருந்தேன். பேச்சில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், ஆனால் அது தவறான படத்தைக் காட்டுகிறது. அபராதம் என்றால் ஹெல்மெட் போடாததற்குக் கட்டுவது போல ஒரே ஒரு தொகை, கட்டினால் தீர்ந்தது என்று நினைப்போம். இது அப்படியில்லை. பாக்கித் தொகையின் மீது மாதத்துக்கு இத்தனை சதவீதம் என்று வட்டி மாதிரி ஏறுகிறது. எனவே தாளில் 'தாமதக் கட்டணம்' என்று எழுதி, பக்கத்திலேயே 'வட்டி போல, நாளாக ஆக ஏறும்' என்று சேர்த்தேன். சதவீதத்தை மட்டும் எழுதவில்லை. அது ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணைகளில் மாறக்கூடியது; போர்டில் ஒட்டிய தாள் மாறாது.

வீட்டு பில் அளவுக்குத் தாமதக் கட்டணம் ஒன்றும் பெரிய தொகை அல்ல. பெரிய தொந்தரவு மறு இணைப்பில் இருக்கிறது. பியூஸைப் பிடுங்கிவிட்டால் பில் தொகை, தாமதக் கட்டணம், அதோடு மறு இணைப்புக் கட்டணம் என்று மூன்றும் சேர்ந்துவிடும். போனில் பணம் கட்டிய நிமிடமே விளக்கு எரிந்துவிடாது. பிரிவு அலுவலகத்தில் ரசீதைக் காட்டிச் சொல்ல வேண்டும், ஆள் வந்து மாட்ட வேண்டும். அக்கா வீட்டில் மாலை நாலரைக்குத்தான் கரண்ட் வந்தது. ஃப்ரிட்ஜில் இருந்த இட்லி மாவு பொங்கி வழிந்தது தனிக் கதை.

சரி, தேதியை விட்டுவிட்டுத் தொகைக்கு வருவோம். என் முதல் தாளில் இருந்த இன்னொரு வரியை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. 'கரண்ட் சார்ஜஸ்' என்பதற்கு நேராகத் 'தற்போதைய கட்டணங்கள்' என்று எழுதியிருந்தேன். சேலத்தில் பிறந்து, ஆயுசு பூராவும் 'கரண்டு போயிருச்சு' என்று சொல்லிக்கொண்டிருக்கிற ஒருவன் அப்படி எழுதலாமா? ஆங்கில வாக்கியத்துக்குள் மூழ்கி உட்கார்ந்திருந்தால் இதுவும் நடக்கும். அந்த வரிக்குப் பொருள் மின் கட்டணம், அதாவது பயன்படுத்திய யூனிட்டுக்கான தொகை. தற்போதைய கட்டணம் என்று எழுதினால், முந்தைய கட்டணம் என்று வேறொன்று எங்கோ இருப்பதாகத் தோன்றும். கீழே நிலுவை என்ற வரியும் இருந்தால் குழப்பம் முழுமையாகிவிடும்.

இரண்டு மாதக் கணக்கையும் இதே மாதிரி சொதப்பியிருந்தேன். 'மாதம் இருமுறை' என்று எழுதிவிட்டேன். 'பைமன்த்லி' என்ற ஆங்கிலச் சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்கும் சொல்தான். ஆனால் தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தவர்கள் என் தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். புதிதாகக் குடிவந்த பெங்களூர்க் குடும்பம் மட்டும் பதினைந்து நாளுக்கு ஒரு பில் வருமோ என்று செயலாளரிடம் விசாரித்திருக்கிறது.

இவையெல்லாம் சொல் தவறுகள், திருத்திவிடலாம். சொல்லைச் சரியாகப் போட்டாலும் பொருள் தப்பிப்போகிற இடம் ஒன்று உண்டு. அதுதான் யூனிட் விகித அட்டவணை. அக்காவின் பில்லிலேயே அது வந்து நின்றது.

அவர் மீட்டரில் முந்தைய அளவீடு 18,432. ஜூன் 5-ம் தேதி அளவீடு 18,943. கழித்தால் 511 யூனிட். தொகை 2,132 ரூபாய். அதற்கு முந்தைய பில்லில் 500 யூனிட்டை ஒட்டி ஓடியபோது சுமார் 1,800 ரூபாய்தான் வந்தது என்று அட்டையைக் காட்டினார். "பதினோரு யூனிட்டுக்கு முன்னூறு ரூவா ஏறுமா தம்பி? ரீடிங் எடுத்தவர் தப்பாப் போட்டிருப்பாரோ?"

தப்பு இல்லை. ஆங்கிலப் பக்கத்தில் இரண்டு தலைப்புகளில் விகிதம் போட்டிருந்தது: ஒன்று 500 யூனிட் வரை, மற்றொன்று 500 யூனிட்டுக்கு மேல். நானும் அப்படியே தமிழில் போட்டேன். படிக்கிறவர் என்ன நினைப்பார்? முதல் 500 யூனிட்டுக்கு முதல் விகிதம், ஐநூறைத் தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் இரண்டாவது விகிதம் என்றுதான். 'ஐநூறுக்கு மேல்' என்ற சொற்கள் தமிழில் அப்படித்தான் ஒலிக்கின்றன. நானும் பல காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நடைமுறை வேறு. இரண்டு மாத மொத்தப் பயன்பாடு 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த பில் முழுவதும் இரண்டாவது பட்டியலுக்குப் போய்விடும், முதல் யூனிட்டிலிருந்தே. அப்போது இரண்டு பட்டியலிலும் முதல் 100 யூனிட் இலவசம். 2016 மே மாதம் முதல் எல்லா வீட்டு இணைப்புக்கும் இது இருந்துவந்தது. அடுத்த நூறில்தான் வித்தியாசம் தொடங்குகிறது. 2024 ஜூலையில் வந்த விகிதப்படி, மொத்தம் 500-க்குள் நிற்பவருக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய். மீதிப் பாதியை அரசு மானியமாகக் கட்டியது. 500-ஐத் தாண்டியவருக்கு இந்தப் பாதி மானியம் கிடையாது. 101 முதல் 400 வரை முழுவதும் 4.70 ரூபாய்தான். 401 முதல் 500 வரை இருவருக்கும் 6.30. அதற்கு மேல் 600 வரை 8.40.

அக்காவின் பில்லை இந்தக் கணக்கில் போட்டுக் காட்டினேன். முதல் நூறு பூஜ்யம். அடுத்த முந்நூறு 4.70 வீதம் 1,410. அடுத்த நூறு 6.30 வீதம் 630. கடைசிப் பதினொன்று 8.40 வீதம் 92 ரூபாய் 40 காசு. மொத்தம் 2,132.40. சரியாக 500-இல் நின்றிருந்தால்? முதல் நூறு பூஜ்யம், இரண்டாவது நூறு 235, அடுத்த இருநூறு 940, கடைசி நூறு 630. ஆக 1,805 ரூபாய். இரண்டுக்கும் இடையே 327 ரூபாய். இதில் பதினோரு யூனிட்டின் விலை 92 ரூபாய்தான். மீதி 235 ரூபாய் இரண்டாவது நூறு யூனிட்டுக்கான மானியம் கைநழுவியதால் வந்தது. பதினொன்றுக்குப் பதில் ஒரே ஒரு யூனிட் தாண்டியிருந்தாலும் அந்த 235 போயிருக்கும். 501 யூனிட்டின் தொகை 2,048.40.

அதனால் புதிய தாளில் 'ஐநூறுக்கு மேல்' என்ற தொடரையே தூக்கிவிட்டேன். அதற்குப் பதில் "உங்கள் இரண்டு மாத மொத்தம் 500 அல்லது அதற்குள் இருந்தால் இந்தப் பட்டியல், மொத்தம் 501 ஆகிவிட்டால் முழுப் பில்லுக்கும் அந்தப் பட்டியல்" என்று எழுதினேன். 'மொத்தம்' என்ற சொல்லும் 'முழுப் பில்லுக்கும்' என்ற சொல்லும் ஆங்கிலப் பக்கத்தில் இல்லை. அவை இல்லாமல் இந்த அட்டவணையைத் தமிழில் விளக்க முடியாது. 'ஸ்லாப்' என்பதற்குப் 'படிநிலை' என்று போடலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். அந்தச் சொல் படிப்படியாக ஏறுவதைத்தான் சொல்கிறது, பட்டியல் மாறுவதைச் சொல்வதில்லை. ஸ்லாப் என்றே விட்டுவிட்டேன்; சேலத்தில் எல்லோர் வாயிலும் இருக்கிற சொல்தான்.

இதிலிருந்து ஒரு வழியும் பிறக்கிறது. கோடையில் ஏசி ஓடும் வீடுகளில், ரீடிங் எடுத்து ஐம்பது நாள் ஆனதும் மீட்டரைப் பார்த்துவிட வேண்டும். எண்முறை மீட்டரில் திரை மாறிமாறிப் பல எண்களைக் காட்டும். kWh என்று பக்கத்தில் வருகிற எண்தான் நமக்கு வேண்டியது. வெறும் kW என்று வருவதும் kVAh என்று வருவதும் வேறு அளவுகள். அட்டையில் உள்ள முந்தைய அளவீட்டை அதிலிருந்து கழித்தால் இதுவரை ஓடியது தெரிந்துவிடும். 430 என்று வந்தால் மிச்சம் பத்து நாளுக்கு ஒரு நாளைக்கு ஏழு யூனிட். ரீடிங் எடுக்கிறவர் அறுபதாம் நாள் வராமல் அறுபத்தைந்தாம் நாள் வந்தால் அந்த ஐந்து நாள் யூனிட்டும் இதே கணக்கில்தான் சேரும் என்பதால், விளிம்பில் நிற்பவர்களுக்கு ரீடிங் தேதியும் முக்கியம். முந்தைய ரீடிங் தேதி அட்டையில் இருக்கும். நாட்களை எண்ணிப் பார்த்துவிட்டு, மிகவும் தள்ளிப் போயிருந்தால் பிரிவு அலுவலகத்திலோ 94987 94987 என்ற மின்னகம் எண்ணிலோ கேட்கலாம்.

பில்லில் மற்ற வரிகள் அவ்வளவு வம்பு செய்வதில்லை. நிலைக்கட்டணம் என்று ஒரு வரி உண்டு. 2022 செப்டம்பர் முதல் வீட்டு இணைப்புதாரர் அதைக் கட்ட வேண்டியதில்லை. மின்வரி வீட்டுக்கு இல்லை, கடைக்குத்தான். வரி இருந்தும் தொகை இல்லாத இந்த இடங்களைப் பற்றி நீளமாக எழுதினால் படிக்கிறவருக்குத் தலைதான் சுற்றும். 'வீட்டுக்கு இல்லை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன்.

டெபாசிட் வரியை மட்டும் அப்படித் தாண்ட முடியவில்லை. இணைப்பு வாங்கும்போது கட்டிய காப்புத் தொகை, கடந்த ஓராண்டுச் சராசரிப் பயன்பாட்டுக்குப் போதுமா என்று வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பார்கள். போதாவிட்டால் கூடுதல் டெபாசிட் கேட்டு ஒரு தொகை வரும். புதிதாக ஏசி போட்ட வீடுகளுக்கு இது வர வாய்ப்பு அதிகம். ஆங்கிலச் சுருக்கத்தில் ACCD என்று மட்டும் வருவதால், ஏதோ புதுக் கட்டணம் சுமத்திவிட்டார்கள் என்று கொதிப்பவர்கள் உண்டு. தாளில் "இது கட்டணம் அல்ல, உங்கள் பெயரில் இருக்கும் பணம், ஆண்டுதோறும் இதற்கு வட்டி கணக்கிட்டு பில்லில் கழிப்பார்கள்" என்று எழுதினேன். 'கூடுதல் மின் நுகர்வு வைப்பீடு' என்று நான் முதலில் எழுதியதைப் பார்த்துச் செயலாளர், "இது என்ன சார், கெசட் மாதிரி இருக்கு?" என்று கேட்டார். கூடுதல் டெபாசிட் என்று மாற்றினேன்.

நிலுவை என்ற சொல்லுக்கும் கடைசியில் அதன் சொந்த இடத்தைக் கொடுத்தாகிவிட்டது. போன பில் கட்டாமல் நின்றிருந்தால் இந்த பில்லில் தனி வரியாக வருமே, அதுதான் நிலுவை. அதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. கட்ட வேண்டியதாகி இரண்டு ஆண்டு கடந்த பழைய பாக்கியை, அது இடையில் வந்த பில்களில் தொடர்ந்து நிலுவையாகக் காட்டப்பட்டிருந்தாலொழிய, வசூலிக்க முடியாது என்று அதே 56-ம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. பழைய வீட்டை வாங்கிக் குடிபோகிறவர்கள் பழைய பில்களைப் பத்திரமாக வைத்துக்கொள்வது இதற்காகவும்தான்.

தாளின் கடைசிப் பகுதி ஏற்காட்டால் வந்தது. எட்டாம் எண் வீட்டுக்காரருக்கு மலையில் ஒரு சின்ன வீடு உண்டு. சனி, ஞாயிறு மட்டும் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்த் தங்கிவிட்டு வருவார். ரீடிங் எடுக்க ஆள் வருவதோ வார நாளில். வீடு பூட்டியிருக்கும், மீட்டரும் உள்ளே. அப்படி ரீடிங் எடுக்க முடியாதபோது முந்தைய கட்டணத்தை ஒட்டி ஒரு தற்காலிகத் தொகையைப் போட்டுவிடுவார்கள். பில்லில் மீட்டர் நிலை என்ற இடத்தில் கதவு பூட்டியிருந்ததாகக் குறிப்பு இருக்கும். இதை ஆங்கிலத்தில் உள்ளபடி 'கதவுப் பூட்டு' என்று நான் எழுதியிருந்ததை அவர் பார்த்துவிட்டு, "கதவுக்குப் பூட்டு வாங்கினதுக்கும் காசா?" என்று கேட்டார். கிண்டலுக்குத்தான் கேட்டார். 'வீடு பூட்டியிருந்தது, ரீடிங் எடுக்கவில்லை' என்று மாற்றினேன்.

உண்மையான சிக்கல் அடுத்த ரீடிங்கில் வருகிறது. அப்போது மீட்டர் காட்டுவது நான்கு மாத யூனிட். அவர் வீட்டில் அப்படி வந்தது 640. மலையில் விசிறி ஓடாவிட்டாலும் கெய்சர் ஓடும், விருந்தாளிகள் வந்தால் இன்னும் ஓடும். இரண்டு கிலோவாட் கெய்சரை அரை மணி நேரம் போட்டால் ஒரு யூனிட். இந்த 640-ஐ ஒரே பில்லாகப் போட்டால் முந்நூறுக்கு 1,410, நூறுக்கு 630, அடுத்த நூறுக்கு 840, கடைசி நாற்பதுக்கு 9.45 வீதம் 378. மொத்தம் 3,258 ரூபாய். நான்கு மாதம் என்பது இரண்டு பில் சுற்று. எனவே இதை 320, 320 என்று பிரித்துத்தான் கணக்கிட வேண்டும். 2020 ஊரடங்கில் வீடு வீடாக ரீடிங் எடுக்க முடியாமல் போனபோதும் நான்கு மாத யூனிட்டை இப்படி இரண்டாகப் பிரித்தே கணக்கிட்டார்கள். 320 யூனிட்டுக்கு 235-உம் 564-உம் சேர்ந்து 799 ரூபாய். இரண்டு சுற்றுக்கு 1,598. அதிலிருந்து முன்பு கட்டிய தற்காலிகத் தொகையைக் கழித்தால் வருவதுதான் அவர் கட்ட வேண்டியது. பிரிக்காததற்கும் பிரித்ததற்கும் 1,660 ரூபாய் வித்தியாசம். ஆகவே பூட்டிய வீட்டுக்காரர் பார்க்க வேண்டியது இரண்டு இடம்: யூனிட் இரண்டு சுற்றாகப் பிரிந்திருக்கிறதா, முன்பு கட்டிய தொகை கழிந்திருக்கிறதா.

பிரியவில்லை, கழியவில்லை, கடைசித் தேதியும் நெருங்குகிறது என்றால் என்ன செய்வது? ஆங்கிலப் பக்கத்தில் இதற்கு ஒரு வரி இருந்தது. அதை நான் முதலில் 'எதிர்ப்பின் கீழ் செலுத்தலாம்' என்று எழுதிவைத்திருந்தேன். யாருக்கும் புரியவில்லை, எனக்கே இப்போது படித்தால் புரியவில்லை. 56-ம் பிரிவு சொல்வது இதுதான்: பில் தவறு என்று தகராறு இருந்தால், ஆட்சேபத்தை எழுத்தில் தெரிவித்துக்கொண்டே, பில்லில் கேட்ட தொகை அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரிப்படி வரும் தொகை, இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். அப்படிக் கட்டிவிட்டால் தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்க முடியாது. 'ஆட்சேபம் தெரிவித்துக்கொண்டே கட்டலாம்' என்று எழுதி, மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வைக்கும்படியும் சேர்த்தேன். பிரிவு அலுவலகத்தில் தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதிலும் திருப்தி இல்லாவிட்டால் மின் குறைதீர்ப்பாளர் என்று மேலே போகலாம்.

எட்டாம் எண்காரர் அந்த அளவுக்குப் போகவேண்டி வரவில்லை. இப்போதெல்லாம் ரீடிங் மாதத்தில் மீட்டர் பெட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டுக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் மலை இறங்குகிறார். மூன்றாம் எண் அக்கா காலண்டரில் இரண்டு வட்டம் போடுகிறார்: ரீடிங் எடுத்து ஐம்பதாம் நாள் ஒன்று, பில் வந்தபின் கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்னால் ஒன்று. ஆகஸ்ட் பில்லில் 468 யூனிட் வந்தது. போர்டில் ஒட்டிய தாளோடு ஒத்துப் பார்த்துவிட்டு, ஸ்லாப் வரிக்குப் பக்கத்தில் தன் கணக்கைப் பென்சிலில் எழுதி வைத்திருந்தார்: 235, 940, 428.40. அழிக்க வேண்டாம் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டேன்.